நாமும் நாங்களும்

ஆங்கிலத்தில் ‘வீ’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடலாம். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம’, விட்டுவிட்டால் ‘நாங்க’. “ஞாயித்துக்கிழமை நாங்க பூண்டி ஏரி போயிருந்தோம்டி” என்று தோழி சொன்னபோது அந்த ‘ங்க’தான் குத்தியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் மட்டும் பூந்தமல்லிக்குக் குடி மாறிப் போயிருந்தேன்.

அவளிடம் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது?

“ஏன்டி என்னைக் கூப்பிடலை?” என்பதுதான் முதலில் நாக்கில் வந்தது. அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் விசாரணை. ‘ஏன்’ என்று கேட்டால் காரணம்தான் வரும். கார்ல இடமில்லை என்பாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1970இல் வந்த தன் பெற்றோருக்கான நூலில் ஒரு வழி சொன்னார்: ‘நீ’ என்று தொடங்காதே, ‘நான்’ என்று தொடங்கு. ஆனால் “நான் வருத்தப்படுகிறேன்” என்று தோழியிடம் சொன்னால் இரங்கல் அறிக்கை மாதிரி இருக்கும். நம் பேச்சில் அதற்கு ‘எனக்கு’ இருக்கிறது. “எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.” பசி, காய்ச்சல் போலத் தானாக வந்தது, செய்தவர் என்று வாக்கியத்தில் யாருமே இல்லை.

இதிலும் ஒரு கள்ளம் உண்டு. “நீங்க என்னை ஒதுக்கிட்டீங்கன்னு எனக்குத் தோணுது” என்பதிலும் ‘எனக்கு’ இருக்கிறது. ஒதுக்குவது அவர்கள் செய்த காரியம். அது என் உணர்ச்சி ஆகாது. குற்றச்சாட்டுக்கு முக்காடு போட்டது மாதிரிதான். “பரவால்ல, நீங்க சந்தோஷமா இருந்தா சரி” என்பது இன்னும் மோசம்.

வாட்ஸாப் குரூப்பில் எழுதினால் நாலு பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள், பஞ்சாயத்தாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில், அவளிடம் மட்டும் சொன்னேன்.

“பூண்டி போட்டோ பாத்தேன்டி. எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. நானும் இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு.”

“கார்ல அஞ்சு பேர்தான்டி. நீ பூந்தமல்லிலேர்ந்து வரணும்...”

எதிர்பார்த்ததுதான். திருவள்ளூருக்கு ரயில் இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வழக்கு ஆரம்பித்துவிடும்.

“இருக்கலாம். அடுத்த தடவை இடம் இல்லைன்னாலும் முன்னாடியே சொல்லிடு. வர முடியுமான்னு நான் பாத்துக்கறேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “போட்டோ பாத்துதான் தெரிஞ்சுதா உனக்கு? நான் சொல்றதுக்கு முன்னாடியே?” என்றாள்.

“ஆமா.”

“அடிப்பாவி, அஞ்சு நாளா வெச்சிருந்தியா இத?”

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.