போன் அடிக்க வேண்டாத கடிதம்

மகப்பேறு விடுப்பில் போகும் பெண் தன் இடத்துக்கு வருபவருக்கு எழுதும் ஹேண்டோவர் மெயில் பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் அடங்கிவிடும்: முடியாத வேலைகள், தொடர்புகொள்ள வேண்டியவர்கள், கோப்புகள் இருக்கும் இடம். கடைசியில் மரியாதைக்காக ஒரு வரி: “ஏதாவது சந்தேகம் என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள்.” அந்த ஒரு வரியால் மேலே எழுதிய அத்தனையும் அரைகுறையாகிவிடுகிறது என்பது என் கட்சி. கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு எழுதுபவருக்கு இருக்கும்வரை, எதை விட்டுவிட்டோம் என்று அவர் தேட மாட்டார். படிப்பவருக்கும் அதே நினைப்பு இருந்தால், புரியாத இடத்தில் அன்றே நின்று கேட்க மாட்டார். அவளைக் கூப்பிடவே முடியாது என்று வைத்துக்கொண்டு எழுதினால்தான் மெயிலில் இருக்க வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

இது வெறும் கற்பனை நிபந்தனையும் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். இது பலருக்கும் தெரியும். தெரியாத பகுதி வேறு. விடுப்புக் காலத்தில் எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன் என்று முதலாளிக்குத் தரும் அறிவிப்பில் அவள் எழுதித் தர வேண்டும். மீறி வேலை செய்தால் அந்த நாட்களுக்கான பணப்பயனை இழக்க நேரும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் அவளை வேலைக்கு அமர்த்த முதலாளிக்கே தடை. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற சலுகையும், விடுப்புக் காலம் முடிந்த பிறகு இருவரும் ஒப்புக்கொண்டால் நடப்பது. ஆக, “வீட்டில்தானே இருக்காங்க, ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்லட்டும்” என்பது சட்டம் எதிர்பார்த்த ஏற்பாடு அல்ல.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் நடுத்தரப் பனியன் ஏற்றுமதி நிறுவனம். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் 2025 நவம்பர் 3 முதல் விடுப்பு. 26 வாரம் என்றால் 2026 மே முதல் வாரம் வரை. அவளுடைய பட்டியலின் முதல் வரி வழக்கமாக இப்படி இருக்கும்: “அக்டோபர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் – பெண்டிங்.” இதைப் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை, விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும் 3பி ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள்ளும் போட வேண்டும் என்பது கணக்குப் பார்க்கும் எவருக்கும் தெரிந்ததுதான். அவளுக்கு மட்டும் தெரிந்தது, அந்த வேலை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. அதே வரியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: “விற்பனைப் பில்கள் அக்டோபர் 31 வரை டேலியில் ஏற்றியாகிவிட்டது. சாயப்பட்டறையின் செப்டம்பர் பில் இரண்டு நம் 2பியில் இன்னும் வரவில்லை. நவம்பர் 11க்குள் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 14ஆம் தேதி 2பி வந்ததும் பாருங்கள். இருந்தால் 20க்குள் போடும் 3பியில் வரி வரவு எடுக்கலாம். இல்லாவிட்டால் இந்த மாதம் எடுக்க வேண்டாம். பட்டறைக்குத் தரும் பணத்தில் வரித்தொகையை மட்டும் நிறுத்திவைக்க முதலாளி சம்மதித்திருக்கிறார், அவருடைய மெயில் அக்டோபர் 22 தேதியிட்டது.”

இந்த ஐந்தாறு வரிகளில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: எதுவரை முடிந்தது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்த நாளில் பார்க்க வேண்டும், எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் என்ன முடிவு. நான்காவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. பில் வந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் எழாது. வராவிட்டால்தான் போன் போகும். முடிவைச் சொன்னதோடு அந்த முடிவுக்கு யார் பொறுப்பு, அது எந்தத் தேதியில் பதிவானது என்பதையும் சொல்லிவிட்டால், புதிதாக வந்தவர் பட்டறைக்காரரிடம் தயங்காமல் பேச முடியும்.

பட்டியலின் அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. ‘பெண்டிங்’ என்ற தலைப்பின்கீழ் யோசித்தால் இன்று மேசையில் கிடப்பது மட்டுமே நினைவுக்கு வரும். ஆறு மாதத்தில் புதிதாக முளைக்கப்போவது அதில் வராது. ஏற்றுமதியாளர்கள் ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கு அனுப்ப எல்யுடி என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்கிறார்கள். அது ஒரு நிதியாண்டுக்கு மட்டும் செல்லும். 2026 ஏப்ரல் 1 முதல் போகும் சரக்குக்குப் புதிய பத்திரம் வேண்டும். நவம்பரில் இது எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஏனென்றால் நவம்பரில் இது நிலுவையே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை என்பதால் மாதாந்தரப் பழக்கத்திலும் இது அகப்படாது. மார்ச் முழுக்க வருட முடிவுக் கணக்கில் மூழ்கிக் கிடக்கும்போது யாரும் இதை நினைக்காமல் போனால், ஏப்ரல் முதல் வாரத்தில் ஷிப்பிங் பில் போடும் நேரத்தில்தான் தெரியவரும். அப்போது வரியைக் கட்டி அனுப்பிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும், அல்லது சரக்கை நிறுத்த வேண்டும். அதனால் மெயிலில் இது மார்ச் மாதத்தின்கீழ் தனி வரியாக நிற்க வேண்டும்: எந்தப் படிவம், யார் கையெழுத்து, சாட்சிகளாகப் போன ஆண்டு யார் யாருடைய பெயரும் முகவரியும் கொடுக்கப்பட்டன, அந்த நகல் எங்கே. இப்படிப்பட்ட வேலைகளைக் கண்டுபிடிக்க நினைவை நம்பத் தேவையில்லை. போன ஆண்டு நவம்பர் முதல் மே வரை தான் அனுப்பிய மெயில்களை மாதவாரியாக ஒருமுறை புரட்டினால் போதும்.

மூன்றாவது ஓட்டை, வேலை என்றே யாரும் கருதாதது: அவளோடு ஒட்டிக்கொண்டவை. பல அலுவலகங்களில் ஜிஎஸ்டி தளத்திலும் வங்கியிலும் பிஎஃப் தளத்திலும் பதிவாகியிருக்கும் கைபேசி எண், ஏதோ ஒரு நாள் அவசரத்துக்காகக் கொடுத்த அவளுடைய சொந்த எண்ணாகவே இருக்கும். மற்ற எல்லாவற்றையும் பிசிறில்லாமல் ஒப்படைத்திருந்தாலும், 20ஆம் தேதி மாலை ஓடிபி பிரசவ வார்டில் இருக்கும் போனுக்குத்தான் போகும். இதற்கு மெயிலில் குறிப்பு எழுதிப் பயனில்லை, விடுப்புக்கு முன்பே எண்ணை மாற்றிவிட வேண்டும். வங்கியில் பணம் அனுப்பும் பதிவைப் போடும் ‘மேக்கர்’ உரிமையும் இப்படித்தான், ஆளின் பெயரில் இருக்கும். புதியவருக்கு வாங்க வங்கிக்கு விண்ணப்பம் கொடுத்து நாட்கணக்கில் காத்திருக்க நேரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இயக்குநர் பெயரில் இருந்தாலும் கிடப்பது இவள் மேசை டிராயரில். அதை இயக்குநர் கையிலேயே திருப்பித் தருவதுதான் முறை, ஏனென்றால் அது அவருடைய கையெழுத்து. அதன் செல்லுபடி விடுப்புக் காலத்துக்குள் முடிகிறதா என்று பார்த்து அந்தத் தேதியையும் எழுத வேண்டும். பாஸ்வேர்டுகளை மெயிலில் எழுதக் கூடாது. மெயில் ஐந்து பேருக்கு ஃபார்வர்ட் ஆகும். அவை யாரிடம் இருக்கின்றன என்று சொன்னால் போதும்.

கோப்பு விஷயத்தில் ‘எல்லாம் டிரைவில் இருக்கிறது’ என்பது பதிலாகாது. கணக்குப் பிரிவின் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் இப்படி மூன்று கோப்புகள் கிடக்கும்:

```
GST_Sep_final.xlsx
GST_Sep_final_2.xlsx
GST_Sep_final_auditor.xlsx
```

இவற்றில் ரிட்டர்னோடு ஒத்துப்போவது எது என்று எழுதியவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டையும் ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, மீதி ஒன்றின் பாதையை மெயிலில் கொடுத்தால் போதும். அவளுடைய கணினியின் டெஸ்க்டாப்பிலும் சொந்தக் கணக்கின் டிரைவிலும் இருப்பவற்றைப் பொது ஃபோல்டருக்கு நகர்த்தியாக வேண்டும், அந்தக் கணினி இன்னொருவருக்குப் போகும்போது அழித்துத்தான் கொடுப்பார்கள். தொடர்பு எண்களிலும் இதே நுணுக்கம் உண்டு. ஆடிட்டரின் எண் எல்லோரிடமும் இருக்கிறது; ரிட்டர்ன் வேலையை உண்மையில் பார்க்கும் உதவியாளர் யார், அவரிடம் எந்த நேரத்தில் பேசலாம், அவர் என்ன கேட்பார் என்பதுதான் எழுத வேண்டிய செய்தி.

இவ்வளவும் எழுதினால் மெயில் நீண்டுவிடும், யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெயிலின் உடலில் முதல் பத்து நாட்களுக்கானது மட்டும் இருக்கட்டும். மீதி மாதவாரியாக ஒரு எக்செல் தாளில் போகட்டும். மே மாத வேலையை நவம்பரில் யாரும் படிக்க வேண்டியதில்லை, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இன்னொரு ஆட்சேபம் வெளியே சொல்லப்படாதது, ஆனால் கனமானது: எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் எதற்கு என்று நிர்வாகம் நினைத்துவிடாதா? விடுப்பில் இருக்கிறாள் என்பதற்காக வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது பழைய பொறுப்பு கை நழுவிப்போவது நடக்கிறது என்பதால் அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். என் பதில் வேறு. எழுதாமல் வைத்துக்கொள்ளும் விஷயம் அவளைக் காப்பாற்றுவதில்லை. இரண்டு மாதத்தில் புதியவர் தட்டுத்தடுமாறித் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுவார், அந்த வழி அவளுக்குத் தெரிந்திருக்காது. மாறாக, அவள் செய்துவந்த வேலையின் முழு அளவு நிர்வாகத்தின் கண்ணில் ஒரே தாளில் படும் சந்தர்ப்பம் இந்த மெயில்தான். பல பெண்களுக்கு அது வேறு எப்போதும் கிடைப்பதில்லை.

சிறிய அலுவலகத்தில் ஒப்படைக்க ஆளே இல்லையே என்றால், அதையும் மெயிலே அம்பலப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய இன்னொரு பெயர், இரண்டிலும் தன் பெயர் வராமல் எழுதிப் பார்க்கட்டும். நிரப்ப முடியாத கட்டங்கள் முதலாளி முடிவெடுக்க வேண்டியவை. அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் கடைசி நாள் மாலை இதற்கு உகந்த நேரமல்ல. பிரசவத் தேதி ஒரு உத்தேசம். குழந்தை முந்திக்கொண்டால் விடுப்பின் முதல் நாளும் முந்திக்கொள்ளும். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே முதல் வடிவத்தை அனுப்பிவிட்டு, ஒரு மாதச் சுற்று, அதாவது டிடிஎஸ் கட்டும் 7ஆம் தேதி முதல் 3பி போடும் 20ஆம் தேதி வரை, புதியவரையே மெயிலை வைத்துச் செய்யவிட்டுத் தான் பக்கத்தில் வாய்மூடி இருந்தால், அவர் எங்கெல்லாம் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாரோ அங்கெல்லாம் மெயிலில் ஒரு வரி குறைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிகளைச் சேர்த்த பிறகு, ‘தயங்காமல் கூப்பிடுங்கள்’ என்ற கடைசி வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அந்த எக்செல் தாளைப் புதியவர் மாதாமாதம் தேதியிட்டு நிரப்பிவர வேண்டும் என்று எழுதலாம். மே மாதம் அவள் திரும்பி வரும்போது அதுவே அவளுக்கான ஹேண்டோவர் மெயில்.