ஒன்பது கஜத்துக் கூறை

கோர்வை போடத் தெரிந்த கைகள் காஞ்சிபுரத்தில் குறைந்து வருகின்றன என்று பட்டு வியாபாரத்தோடு பழக்கமுள்ள என் சிநேகிதர் பல காலமாகச் சொல்லிவந்தார். தம் உறவினர் வீட்டு விவாகத்துக்கு அங்கே போகும்போது என்னையும் உடன் அழைத்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தறிக்காரர் ஒருவரைப் பார்த்துப் பேசுவதென்றும் மறுநாள் கல்யாணத்தில் கலந்துகொள்வதென்றும் எங்கள் ஏற்பாடு. தறி பார்த்தது உண்மை. ஆனால் நெய்வதைப் பற்றி நான் அறிந்துகொண்டதைவிட, நெய்தது கெட்டுப்போனால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றி அன்றிரவு அறிந்துகொண்டதே அதிகம்.

கோர்வை என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். புடவையின் உடல் ஒரு வர்ணமும் இரு பேட்டுகளும் வேறு வர்ணமுமாக இருக்க வேண்டுமானால், உடலுக்கு ஒரு நாடாவும் பேட்டுக்கு ஒவ்வொன்றாக இரண்டு நாடாக்களும் ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலின் ஊடையும் பேட்டின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ள வேண்டும். அந்தக் கவ்வலே கோர்வை. அதற்குத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிப் போட இன்னொரு ஆளும் வேண்டும். முந்திக்கு வேறு வர்ணப் பாவு வேண்டுமென்றால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கி இணைப்பார்கள், அது பிட்னி. நாங்கள் தறி பார்த்த வீட்டுப் பெரியவர் ஜக்கார்டு அட்டைகளைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். அது எனக்குப் பிடிபடாததால் இங்கே எழுதவில்லை.

கல்யாண வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் பெண்கள் வாயடைத்து நின்றுகொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் பாட்டி தம் விவாகத்தில் கட்டிய கூறைப்புடவை பாயின்மேல் விரிந்து கிடந்தது: அரக்கு உடல், பச்சைப் பேட்டு, ஒன்பது கஜம். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் புதுக் கூறையை மணப்பெண் வாங்கி உடுத்திக்கொள்வதற்குமுன், பாட்டியின் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணவறைக்கு வருவது என்று பேத்தி பிடிவாதமாகத் தீர்மானித்திருந்தாள். இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்ததும் குறுக்கு மடிப்பு ஒன்று பட்டென்று விட்டுவிட்டது. ஜாக்கிரதையாக விரித்துப் பார்த்தால் அது போல் இன்னும் இரண்டு. கீழ்ப் பேட்டின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வையும் பிரிந்திருந்தது.

பெண்ணின் தகப்பனார் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போன் செய்தார். பழுது பார்ப்பதில்லை, ஜரிகைக்கு எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம், அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டு புதுப் புடவை தருகிறோம் என்று பதில் வந்தது. எடை போட்டு வாங்கும் அந்தப் புடவைகளை என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். உரைகல்லில் ஜரிகையை உரைத்துப் பார்க்கிறார்கள், பட்டைக் கொளுத்துகிறார்கள், சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரிக்கிறார்கள். பழைய ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. ஆகையால் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் நம் தாய்மாரின் பெட்டிகள் காலியாகியிருக்கின்றன. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்க 1985ல் மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் விற்பனைக்கு வரும் புதுப் புடவையைக் காக்கின்றன. நெய்தவனுடைய உழைப்பு ஒரு தடவை கூலியாக அளந்து கொடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த உழைப்பு ஐம்பது வருஷம் நின்றாலும் இடையில் நிற்கும் வியாபாரிக்கு அதனால் லாபம் இல்லை, அது சீக்கிரம் அழிந்தால்தான் லாபம். இந்த ஏற்பாட்டில் பழுது பார்க்கிறவளுக்குக் கூலி என்று ஒன்று நிர்ணயமாக இடமே இல்லை என்பதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் மணப்பெண்ணின் அத்தை மகள் உள்ளே வந்தாள். தாயார் அந்த ஊரிலேயே பிட்னி போட்டுப் பிழைத்தவர். மகள் சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டவள், இப்போது கடைகளுக்குப் புடவைக் குஞ்சம் முடிந்தும் ஃபால்ஸ் தைத்தும் கொடுக்கிறவள். அவள் கிழிசலைப் பார்க்கவில்லை. கிழியாத இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாள், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி இரண்டு கையாலும் இழுத்தாள், அறுந்த முனையை விரலில் தேய்த்தாள்.

“பொடியா உதிர்ந்தா ஊசி போடறதே தப்பு அத்தை, ஊசியே அறுத்துடும். இது உதிரல. மடிப்புல மட்டும்தான் செத்திருக்கு” என்று மாமன் மனைவியிடம் சொன்னாள்.

வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் வைத்த பட்டு அந்த மடிப்பின் முனையில்தான் முறியும் என்றும், குறுக்கு மடிப்பில் முறிவது நீளவாட்டில் ஓடும் பாவு இழை, நெடுக்கு மடிப்பில் முறிவது ஊடை என்றும், முறிந்தது எதுவென்று தெரியாமல் தைத்தால் தையல் நிற்காது என்றும் எனக்கு விளக்கினாள். இங்கே முறிந்தது பாவு. கோர்வை பிரிந்த காரணம் வேறு: ஜரிகைப் பேட்டின் கனம் தன்னைவிட மெலிந்த உடலைக் கட்டும்போதெல்லாம் கீழே இழுத்திருக்கிறது.

அவளுடைய யோசனை எளியது. ஒன்பது கஜம் சுமார் எட்டே கால் மீட்டர். இக்காலத்துப் பெண் கட்டும் ஆறு கஜம் ஐந்தரை மீட்டர். முந்தியை விட்டுவிட்டு உள்ளே செருகும் தலைப்பிலிருந்து குறைத்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் கையில் மிஞ்சும். அதே சாயம், அதே வயது, அதே முறுக்கு உள்ள நூல் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. மூன்று கிழிசல்களில் ஒன்று அந்தப் பகுதியோடு போய்விடும். மற்ற இரண்டுக்கும் வேண்டிய நூல் அதிலிருந்து வரும்.

கத்தரி எடுத்தபோது பெரியம்மா ஒருவர் தடுத்தார். விடிந்தால் விவாகம், கூறையில் கத்தரி வைப்பதா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எவருக்கும் பதில் தோன்றவில்லை. கட்டிலில் படுத்திருந்த பாட்டிதான், “நான் கட்டி மடிச்சு வச்சதுதானே கிழிஞ்சுது. என் பேத்திங்கதான், ஒருத்தி வெட்டட்டும், ஒருத்தி கட்டட்டும்” என்றார். அதன்பின் எவரும் பேசவில்லை.

வெட்டுவதற்குமுன் குறுக்கே ஓர் ஊடை இழையை உருவினாள். அது போன தடம் நேர்கோடாகத் தெரிந்தது, அந்தத் தடத்திலேயே கத்தரி சென்றது. வெட்டிய துண்டிலிருந்து பாவு இழைகளைச் சாண் நீளத்துக்கு உருவினாள். அதற்குமேல் இழுத்தால் அறுந்தது. பழைய இழையை ஊசிக்காதில் கோத்தால் உராய்வில் பிசிர் விடும் ஆதலால், ஊசியில் புதுப் பட்டு நூலை வளையமாகக் கோத்து, விரலில் விபூதி தொட்டு, பழைய இழையின் நுனியை அந்த வளையத்தோடு முறுக்கி ஒட்டினாள். பிட்னிக்குத் தாயார் முறுக்கிய அதே முறுக்கு. வழுக்கும் பட்டை விபூதிதான் விரலுக்குப் பிடி கொடுக்கச் செய்கிறதாம்.

துணியை மேஜை விளக்குக்கு எதிராகப் பிடித்து, கிழிசலுக்கு இரண்டு விரல் முன்னே தொடங்கி, ஊடைகளுக்கு ஒன்று மேல் ஒன்று கீழாக ஊசியைச் செலுத்தி, பிளவைத் தாண்டி மறுபுறமும் இரண்டு விரல் தூரம் கொண்டுபோனாள். எல்லா இழைகளையும் ஓர் இரவில் போட முடியாது. நாலுக்கு ஒன்றாகப் போட்டாள். நான் கவனித்துப் பார்த்தது ஒன்று: எந்த இரண்டு இழையும் ஒரே இடத்தில் முடியவில்லை. ஒன்று சற்று நீளம், அடுத்தது சற்றுக் குறைவு. ஏனென்று கேட்டேன்.

“வரிசையா நிறுத்தினா தச்ச இடம் கெட்டியாயிடும் ஐயா, பக்கத்துல இருக்கிற பழசு அதே வரிசையில கிழியும். பழசுக்குப் பலம் கொடுக்கலாம், அளவுக்கு மேல கொடுக்கக்கூடாது.”

பின்புறத்தில் அதே துண்டிலிருந்து ஒரு சதுரத்தை, பாவோடு பாவு ஒத்திருக்கும்படி வைத்து, ஓரம் மடிக்காமல் பட்டும் படாமலும் பிடித்துவிட்டாள்; மடித்த ஓரம் உள்ளிருந்தே அறுக்குமாம். கோர்வை பிரிந்த இடத்தில் உடலின் ஊடை நுனிகளையும் பேட்டின் ஊடை வளையங்களையும் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கவ்வ வைத்தாள். அது மெதுவான வேலை. புடவையின் கீழ்விளிம்பில் கால் விரல் மாட்டக்கூடிய இடம் என்பதால் அதில் மட்டும் அவள் ஓர் இழையையும் விடவில்லை.

துண்டில் ரவிக்கை தைக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். அக்குளில் இழுக்கும், ஒரு முறை கை தூக்கினால் போய்விடும் என்று மறுத்து, பேட்டை மட்டும் வெட்டிப் புது ரவிக்கையின் கையில் வைத்துத் தைத்தாள்.

இரவு வெகுநேரம் கழித்து, அரைத் தூக்கத்திலிருந்த மணப்பெண்ணை எழுப்பிப் புடவையைக் கட்டிவிட்டு, நிற்கச் சொல்லவில்லை, மனைப்பலகையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னாள். நிற்கும் பெண்ணுக்குப் புடவை தொங்குகிறது. உட்கார்ந்த பெண்ணுக்கு முழங்காலிலும் இடுப்புக்குப் பின்னாலும் இழுக்கிறது. ஒரு கிழிசல் கொசுவத்துக்குள் போய்விட்டது, அதற்குப் பயமில்லை. மற்றது சரியாகப் பின்னிடுப்பில் வந்து நின்றது. கட்டை அவிழ்த்து, இடுப்பில் முதல் சுற்றை நாலு விரல் தளர்த்தி, கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்து, அந்த இடத்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி மறுபடி உட்கார வைத்தாள். “எழுந்திருக்கறப்போ முன்னால கையூன்றி எழுந்திரு. வெடுக்குனு எழுந்திருக்காதே” என்று மாமன் மகளுக்குப் பாடம் சொன்னாள். ஒரே பாட்டியின் பேத்தி அவளும். அவளுடைய விவாகத்துக்கு இந்தப் புடவையை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று சிநேகிதர் பிற்பாடு சொன்னார். அவள் அதைப் பிரஸ்தாபிக்கவே இல்லை.

காலையில் மணப்பெண் அரக்குப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். புரோகிதர் சங்கல்பம் செய்வித்து, புதுக் கூறையைத் தட்டில் வைத்துக் கொடுத்ததும், உடை மாற்ற உள்ளே போனாள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பாட்டியின் புடவை சபையில் இருந்தது. நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்க, அத்தை மகள் பின்னறை ஜன்னலுக்கு எதிரே அந்தப் புடவையை விரித்துப் பிடித்திருந்தாள். பின்னிடுப்புத் தையல் அப்படியே நின்றது. அதற்குச் சற்று மேலே, தையல் படாத பழைய பட்டில் சுண்டுவிரல் அகலத்துக்குப் புதிதாக ஒரு பிளவு.

“சதுரம் சின்னதாப் போச்சு. இடுப்பளவு முழுக்க உள்துணி கொடுத்திருக்கணும்” என்றாள்.

மிச்சத் துண்டில் அதற்கு இடமிருக்கிறது, கல்யாணம் முடிந்த கையோடு எடுத்துப்போய்ச் செய்துவிடுவதாகத் தன் அத்தையிடம் சொல்லிவிட்டு, இனிமேல் மடிக்கக்கூடாது, பருத்தித் துணி சுற்றிய உருளைக்கட்டையில் சுருட்டித்தான் வைக்க வேண்டும், பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது என்று கண்டித்தாள். பிறகு புடவையைச் சுருட்டத் தொடங்கினாள். கட்டை கிடைக்காததால் கோலப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்த பந்தல் மூங்கில் ஒன்றை வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டாள்.