கொலுப் படத்தில் இருந்த பீரோ

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரே வீட்டில் ஏழு பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அதே மழையில் ரமணாசிரமம் பக்கத்துத் தெரு ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தரைத்தள வீட்டுக்குள் சேற்றுத் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. அவர் மாடியில் இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. கீழே இருந்த சாமான் எதுவும் மிஞ்சவில்லை.

வீட்டுக் கடனோடு வங்கி போட்டுக் கொடுத்த பாலிசி அவரிடம் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரவேண்டிய பாலிசி அது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, பத்து லட்சத்துக்கு மிகாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. அவருடைய கட்டடத் தொகை 30 லட்சம். ஆக, சாமான்களுக்கு 6 லட்சம் வரை கேட்கலாம்.

அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். "ஃபிரிட்ஜ், டிவி, பீரோ, புடவைகள், பாத்திரங்கள், மெத்தைகள், மொத்தம் 5 லட்சம்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். சர்வேயர் மதிப்பிட்டது 1,12,000. பொருள் இருந்ததற்குச் சான்றில்லை என்று பாதியைக் கழித்து, மீதிக்குத் தேய்மானம் போட்டிருந்தார்.

"பில் எல்லாம் அந்த பீரோவுலதான் தம்பி இருந்துச்சு, அதுவும் கூழாப்போச்சு" என்றார் டீச்சர்.

தேய்மானத்தைப் பாலிசி வாசகத்தை வைத்தே எதிர்க்க முடிந்தது. முற்றிலும் வீணான வீட்டுப் பொருளுக்கு, அதே போன்ற பொருளை மாற்றி வாங்க ஆகும் செலவைத் தரவேண்டும் என்பதுதான் அதன் வாசகம். 2017இல் 24,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்கு சர்வேயர் 7,000 போட்டிருந்தார். அதே கொள்ளளவுள்ள ஃபிரிட்ஜுக்குக் கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கினோம், 31,500. சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே இறுதி வார்த்தை அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பொருள் இருந்தது என்று காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சரை மனத்துக்குள் வீட்டு வாசலில் நிற்கவைத்து, வலக்கைப் பக்கமாகச் சுற்றிவரச் சொன்னேன். ஹாலில் எந்தச் சுவரில் என்ன, அலமாரியின் மேல்தட்டில் என்ன, கீழ்த்தட்டில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். ஒரு பொருளுக்கு ஒரு வரி: எந்த அறை, என்ன பொருள், மாடல், வாங்கிய வருஷம், அன்றைய விலை, இன்றைய விலை, சான்று. கடைசிக் கட்டம்தான் காலியாகவே நின்றது.

அதை நிரப்பியது சென்னையில் இருக்கும் மகளின் போன். அந்த அக்டோபரில் கொலுவுக்கு வந்தபோது எடுத்த படங்களில், படிகளுக்குப் பின்னால் பீரோவும், ஓரத்தில் டிவியும், சமையலறைக் கதவு வழியே ஃபிரிட்ஜும் தெரிந்தன. டீச்சர் போனில் இருந்தவை வாட்ஸ்அப்பில் வந்த நகல்கள். அப்படி வரும் படத்தில், எடுத்த தேதி முதலிய உள்விவரங்கள் போய்விடும். மகளின் போனில் இருந்த மூலப் படங்களில் தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழோடு அவற்றைச் சேர்த்தோம். பட்டுப்புடவைகளுக்குக் கல்யாண ஆல்பங்கள் உதவின. ஃபிரிட்ஜ், டிவி பில்களின் நகலை, பதிந்திருந்த போன் எண்ணை வைத்துக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

மெத்தைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்றம் தாங்காமல், சர்வேயர் வருமுன்பே அவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள், ஒரு படம்கூட எடுக்காமல். வெள்ளிக் குத்துவிளக்குகளையும் கேட்க முடியவில்லை. நகை, வெள்ளிப் பொருட்களுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டி, மதிப்பைப் பாலிசியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துக் கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்ட பிறகு கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 3,64,000க்கு முடித்தோம்.

இதைப் படிக்கிறவர்கள், போனை எடுத்து வாசலிலிருந்து ஆரம்பித்து அறை அறையாக வீடியோ எடுத்துவையுங்கள். பீரோவையும் அலமாரிகளையும் திறந்துவைத்து எடுங்கள். மின்சாதனங்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண் லேபிளைத் தனியாக, எழுத்து படிக்கத் தெரிகிறபடி எடுங்கள். பில்லையும் படமெடுங்கள், வெப்பத் தாளில் அச்சாகும் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். எல்லாவற்றையும் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். வருஷம் ஒருமுறை, பாலிசி புதுப்பிக்கும் அன்று, புதிதாக வாங்கியவற்றைச் சேர்த்தால் போதும்.