கழுவிய கான்கிரீட் நடைபாதை

என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகு, எங்கள் வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் இடையே இருந்த வழவழப்பான டைல்ஸ் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் பெய்யும் மழைக்கு அதன்மேல் கைத்தடியே வழுக்கும். அதைப் பெயர்த்துவிட்டுக் கூழாங்கல் வெளியே தெரியும்படி தளம் போடுவது என்று முடிவு செய்தேன். பிரெஞ்சில் இதற்கு 'பெத்தோன் லவே' என்று பெயர். கழுவிய கான்கிரீட் என்று பொருள். வேலையின் சூட்சுமமே அந்தக் கழுவுதலில்தான் இருக்கிறது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் உறுதியான கான்கிரீட் தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒன்றுக்கு மூன்று கலவை, 20 மில்லிமீட்டர் கனம். ஒரு சதுர மீட்டருக்கு சிமெண்ட் 10 கிலோ, மணல் 21 லிட்டர், 10 முதல் 12 மில்லிமீட்டர் உருண்டைக் கூழாங்கல் 15 கிலோ பிடிக்கும். எங்கள் பாதை 8 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம்; ஆக 10 சதுர மீட்டர். இரண்டு மூட்டை சிமெண்ட், ஏழரை கன அடி மணல், சேதாரம் சேர்த்து 165 கிலோ கல் வாங்கினோம். இதைவிடப் பெரிய கல் வேண்டாம். கைத்தடியின் நுனி இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

மேஸ்திரி மாசி மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கினார். பழைய தளத்தைக் கொத்தி, நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, கலவையைப் பரப்பினார். தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வாட்டம் பார்த்தார். கழுவி வைத்திருந்த கல்லை நெருக்கமாகத் தூவி, மணியாசுக் கட்டையால் தட்டித் தட்டிக் கல் முழுவதும் கலவைக்குள் மறையும்வரை அமுக்கினார். ஒரு தடவைக்கு இரண்டு சதுர மீட்டர்தான்.

"மொத்தமா போட்டுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் கழுவறதுக்குள்ள இன்னொரு பக்கம் இறுகிப் போயிடும் ஐயா" என்றார்.

கழுவும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. வெயில் நாளில் இரண்டு மூன்று மணி நேரம், மப்பான நாளில் இன்னும் கூட ஆகும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. பிறகு ஓர் ஓரத்தில் தண்ணீர் தெளித்து பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். கல் பெயர்ந்து வந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. மேலே உள்ள சிமெண்ட் மட்டும் கரைந்து ஓடினால் அதுதான் சமயம். தேய்த்தும் கரையாவிட்டால் சமயம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெளியே தெரியக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று மேலும் தேய்த்தால், பிடிப்புப் போய் ஒவ்வொரு கல்லாக உதிரும், காலையும் குத்தும்.

மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். அந்த ஒரு வாரமும் பால்காரர் உட்பட எல்லோரும் கொல்லைப்புற வழியாகத்தான் வந்து போனார்கள்.