மாமியின் ஹாஷ்டேக்

எதிர்வீட்டு மாமி இன்ஸ்டாகிராமில் அப்பளம், வடாம் என்று ஐந்து சரக்கு விற்கிறார். தினம் ஒரு சரக்கின் படம், அடியில் அதே ஹாஷ்டேக்குகள். 'ஸ்பாம்னு நினைச்சுடுமாமே, மாத்திக் கொடேன்' என்றார். ஐந்து தொகுப்பு எழுதி, கம்ப்யூட்டரைக் குலுக்கிப் போடச் சொன்னேன். நேற்று வந்ததே இன்றும் வர ஐந்தில் ஒரு வாய்ப்பு; வந்தது. சரி, வரிசையாகச் சுற்றட்டும் என்றால், ஐந்து சரக்கு, ஐந்து தொகுப்பு. அப்பளத்துக்கு எப்போதும் ஒரே தொகுப்புதான். என்ன செய்யலாம், யோசியுங்கள். தொகுப்பை ஏழாக்கினேன். ஐந்துக்கும் ஏழுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒரே ஜோடி திரும்பி வர 35 நாள். வடாம் படத்துக்கடியில் #appalam வந்தால் மாமி திட்டுவார், அதனால் சரக்கின் பெயர் மட்டும் சுற்றாது. படமும் வாசகமும் பழசாகவே இருந்தால் இத்தனையும் வீண். அதை மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.