வெயிட்டிங் லிஸ்ட்டும் விகல்பும்



வைகாசியில் நம் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வருகிறவர்களில் பாதிப்பேர் போன் செய்து சொல்வது ஒன்றுதான்: "சார், வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது." ஒவ்வொருவரிடமும் கேட்டேன், விகல்ப் கொடுத்தீர்களா என்று. "அது என்ன சித்தப்பா?" என்றவர்கள்தான் அதிகம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பதிவு செய்த ரயிலில் சார்ட் போட்ட பிறகும் இடம் கிடைக்காவிட்டால், அதே தடத்தில் போகும் வேறொரு ரயிலில் காலி பெர்த் இருந்தால் அதில் உங்களைச் சேர்க்கச் சம்மதிப்பதுதான் விகல்ப். 2015 நவம்பரில் டெல்லி–லக்னோ, டெல்லி–ஜம்மு தடங்களில் ஆரம்பித்தார்கள். 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கும்போதே கேட்கும். அப்போது விட்டுவிட்டாலும், சார்ட் தயாராவதற்குள், எடுத்த டிக்கெட்டுகளின் பட்டியலைத் திறந்து `Opt Vikalp` என்பதை அழுத்தலாம். மாற்று ரயில்களின் பட்டியல் வரும். ஏழு வரை தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் பட்டியலில்தான் நிதானம் வேண்டும். வருகிற ரயில்களை எல்லாம் டிக் செய்துவிடுகிறார்கள். பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் பக்கம் பக்கமாக எழுதிவைப்பீர்களே, அதுபோல!

என் தம்பி மகன் போன தை மாதம் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிறு காலை நெல்லையில் முகூர்த்தம். வெள்ளி இரவு எழும்பூரில் கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸில் நான்கு பேருக்கு ஸ்லீப்பர், நான்குமே வெயிட்டிங். மாற்று ரயில் என்பது, நம் ரயில் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி கழித்து ஆரம்பித்து 72 மணி நேரத்துக்குள் புறப்படுவதாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் தினமும் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி கணக்கில் வராது, சனிக்கிழமையுடையது வரும். அது ஞாயிறு விடிவதற்குள் நெல்லையில் இறக்கிவிடும். சனி இரவு நெல்லை எக்ஸ்பிரஸும் பட்டியலில் வரும், ஆனால் கொஞ்சம் தாமதமானாலும் தாலி கட்டி முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில்களும் 72 மணிக்குள்தான். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் பந்தல் பிரித்த பிறகு வந்து சேரலாம். அவனும் அவன் மனைவியும் உட்கார்ந்து, முகூர்த்தத்துக்கு முன் கொண்டுசேர்க்கும் ரயில்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். சார்ட் போட்டபின், சனிக்கிழமை கன்னியாகுமரியில் நால்வருக்கும் இடம் விழுந்தது. ஒரே பெட்டியில் தள்ளித் தள்ளி பெர்த், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், மாற்று ரயிலில் இடம் விழுந்துவிட்டால் அதுதான் உங்கள் உறுதியான டிக்கெட். வேண்டாம் என்று ரத்து செய்தால், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் என்ன பிடிப்பார்களோ அதைத்தான் பிடிப்பார்கள். விகல்ப் கொடுக்காத ஈ-டிக்கெட் என்றால், எல்லோரும் வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகி, சிறு கட்டணம் போகப் பணம் திரும்பும். கல்யாணத்துக்குப் பிறகு போய்ச் சேரும் ரயிலைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தப் பணமும் சிக்கலாகிவிடும்.

இடம் விழுந்தபின் பழைய ரயிலில் ஏறவும் கூடாது. அந்த சார்ட்டில் உங்கள் பெயர் இருக்காது. ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணிதான். கட்டண வித்தியாசம் கேட்கவும் மாட்டார்கள், திருப்பித் தரவும் மாட்டார்கள்.

குடும்பமாக வருகிறவர்கள் இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பிஎன்ஆரில் நான்கு பேர் இருந்து, ஒருவருக்கு மட்டும் ஆர்ஏசி வந்துவிட்டால்கூட மற்ற மூவரை வேறு ரயிலுக்கு மாற்ற மாட்டார்கள். மாற்றினால் நால்வரையும் சேர்த்துத்தான்.

விகல்ப் கொடுத்ததாலேயே இடம் நிச்சயம் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பொங்கல், தீபாவளிக்கு எல்லா ரயிலும் நிரம்பி வழியும். எங்கே காலி பெர்த் இருக்கும்? மற்ற நாட்களில் வாய்ப்பு உண்டு. நம் கல்யாணம் வார நடுவில் என்பதால் முயன்று பார்க்கத் தகும் என்று நினைக்கிறேன்.

சார்ட் போட்டதும் பிஎன்ஆரைக் கட்டாயம் பாருங்கள். ரயில் எண்ணோடு ஏறும் நிலையத்தையும் பாருங்கள், அதுவும் பக்கத்து நிலையமாக மாறலாம். எழும்பூருக்குப் பதில் தாம்பரம் என்று இருக்கும். இறங்கும் இடமும் அப்படியே. ஆட்டோவுக்குச் சொல்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். மாற்று ரயில் எந்த நேரத்தில் நெல்லை வந்தாலும் எனக்கு ஒரு தகவல் போடுங்கள், ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன்.