கணக்கு சரியாக வந்த வண்டி

எண்ணெய் டேங்கர் லாரியில் வரும் சரக்கை எடைபோட்டு, சோதித்து, தொட்டியில் இறக்குவதுதான் பல வருடம் என் பிழைப்பு. விருதுநகர் பக்கம் ஒரு பாமாயில் பாக்கெட் போடும் ஆலையில் வேலை. அங்கே இரண்டு லாரிகள் விஷயத்தில் நான் தவறாக நினைத்தேன். ஒன்றில் திருடாத மனிதரைத் திருடன் என்றேன். இன்னொன்றில் எடைக் கணக்கு அச்சாக வந்ததைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

முதல் லாரி வந்தது 1998 டிசம்பரில். பாக்கெட் போடும் பகுதியிலிருந்து என்னை இறக்குமிடத்துக்கு மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து 16 டன் பாமாயில் ஏற்றிய பத்துச் சக்கர டேங்கர். மறுநாள் காலை வரவேண்டிய வண்டி அதற்கு அடுத்த நாள் காலையில்தான் வந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் வெடித்து, ராத்திரி முழுக்க ரோட்டோரம் கிடந்ததாக டிரைவர் சொன்னார். ஐம்பது வயதுக்காரர். ராத்திரி ரோட்டோரம் நின்ற எண்ணெய் லாரி என்றால் இந்தத் தொழிலில் மற்றவர்கள் நினைப்பது ஒன்றுதான். நானும் அதையே நினைத்தேன்.

எங்கள் எடைமேடை அன்று பழுது. அதனால் மேன்ஹோலைத் திறந்து டிப் கம்பியை விட்டு அளந்தேன். ஏற்றிய இடத்துச் சீட்டில் சுமார் 17,860 லிட்டர். என் கம்பியில் 17,700. முழுசாக 160 லிட்டர் காணோம். அந்தக் காலத்து டிரைவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும் பணம்.

"எங்கேய்யா இறக்கின?" என்று கேட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவரை 'யோவ்' போட்டுப் பேசியது இன்றும் உறுத்துகிறது.

அவர் கோபப்படவில்லை. "சீல் உடையல, பாருங்க சார். வெளியே எங்கயாவது எடை போடுங்க. ஆனா காலி வண்டியையும் அங்கயே போடணும்" என்றார். கடைசியாகச் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் எடைமேடையில் வண்டியை ஏற்றினோம். சென்னையில் லோடோடு 24,960 கிலோ. இங்கே 24,825. 135 கிலோ குறைவு. சென்னைச் சீட்டில் காலி வண்டியின் எடை 8,960 என்று இருந்தது. அதைக் கழித்தால் 15,865. 16,000 கிலோவுக்கு எங்கள் ஒப்பந்தம் விட்டுக்கொடுத்தது கால் சதவீதம், அதாவது 40 கிலோ. 'டிப்பும் குறைவு, எடையும் குறைவு, இனி என்ன சாட்சி வேண்டும்?' என்று முதலாளியிடம் சொல்லக் கிளம்பினேன்.

வழியில் மறித்தது எங்கள் ஆய்வகத்தில் இருந்த வயதான கெமிஸ்ட். கையில் தெர்மாமீட்டர். டேங்குக்குள் விட்டார், 30 டிகிரி. "ஏத்தினப்ப எவ்வளவு?" என்றார். சீட்டைப் புரட்டினேன். ஓரத்தில் 42 என்று எழுதியிருந்தது. அதற்கு முன் அந்தக் கட்டத்தை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

சமையல் எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரம் லிட்டருக்கு முக்கால் லிட்டர் சுருங்கும். இந்த வண்டிக்கு அது டிகிரிக்கு 13 லிட்டர், 12 டிகிரிக்கு சுமார் 156. நான் தேடிய 160 லிட்டர் எங்கேயும் போகவில்லை, டேங்குக்குள்ளேயே சுருங்கிக் கிடந்தது. 42 டிகிரியில் ஒரு லிட்டர் பாமாயில் ஏறக்குறைய 896 கிராம் இருக்கும், 30 டிகிரியில் 904. லிட்டர் மாறினாலும் கிலோ மாறாது. மார்கழிக் குளிரில் காப்பு உறை இல்லாத டேங்கர் இரண்டு ராத்திரி வெளியே நின்றால் அவ்வளவு ஆறத்தான் செய்யும். டயர் வெடித்த அந்த ஒரு ராத்திரிதான் கணக்கைக் கெடுத்தது, நான் நினைத்த வழியில் அல்ல.

சரி, எடையில் குறைந்த 135 கிலோ? சரக்கைத் தொட்டியில் இறக்கிவிட்டு, டிரைவர் கேட்டபடி அதே மேடையில் காலி வண்டியை ஏற்றினோம். 8,855 கிலோ. சென்னையில் இருந்ததைவிட 105 கிலோ குறைவு. ஐந்நூறு கிலோமீட்டரில் எரிந்த நூற்றிருபத்தைந்து லிட்டர் டீசல் அது. சென்னையில் டேங்க் நிரம்ப டீசலோடு போட்ட காலி எடையை, டீசல் தீர்ந்த வண்டியின் மொத்த எடையிலிருந்து கழித்தால், எரிந்த டீசல் முழுவதும் எண்ணெய்க் குறைவாகத்தான் தெரியும். இரண்டு எடையும் ஒரே மேடையில், ஒரே நாளில் போட்டால் டீசல் தானாகக் கழிந்துபோகும். அப்படிப் பார்த்தால் நிகரம் 15,970. குறைவு 30 கிலோ. அதிலும் ஒன்பது பத்துக் கிலோ டேங்கின் உட்சுவரில் படலமாக ஒட்டியிருக்கும். மீதியை இரண்டு மேடைகளில் நான்கு முறை எடுத்த எடைகளுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம். அந்த மேடைகளே ஐந்தைந்து கிலோவாகத்தான் காட்டும்.

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "சரி, போங்க" என்றேன். அதுவரைக்கும் 'போய்யா'தான்.

அதன் பிறகு நான் எடைக்காரன் ஆகிவிட்டேன். டிகிரி, டிப், காலி எடை, லோடு எடை எல்லாம் நோட்டில் ஏறும். அந்தப் பெருமிதத்தில்தான் இரண்டாவது வண்டியில் விழுந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து வந்த லாரி அது. குறைவு வெறும் 10 கிலோ. சீல் அப்படியே. டேங்க் கழுவிய சீட்டும் இருந்தது. மேலே மேன்ஹோல் வழியே எடுத்த மாதிரி கண்ணாடி போலத் தெளிவு. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பம்பு ஓடத் தொடங்கியதும் இறக்குகிற பையன் ஓடிவந்தான். "அண்ணாச்சி, ஒரு மாதிரி வாசம் வருது." போய் முகர்ந்தேன். மண்ணெண்ணெய்க்கும் கிரீஸுக்கும் நடுவில் ஒரு வாடை.

டேங்கில் கோளாறு எதுவும் இல்லை. வாடை வந்தது ஹோஸிலிருந்து. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் சுருட்டி வைத்திருந்த அந்த மூன்று அங்குலக் குழாய், ஆறு மீட்டர் நீளம், நிறைந்தால் 27 லிட்டர் பிடிக்கும். முந்தின டிரிப்பில் அதன் வழியே இறங்கியது மசகு எண்ணெய்க்கு மூலமான பெட்ரோலிய எண்ணெய். டேங்கைக் கழுவியவர்கள் குழாயைக் கழுவவில்லை. எண்ணெய் ஒழுகிப்போனாலும் ரப்பரில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஒட்டி நிற்கும்.

பம்பை நிறுத்தி, அரை நிமிடத்தில் எங்கள் பைப்புக்குள் போன நூற்றைம்பது லிட்டர் அளவை டிரம்மில் வடித்து, சோப்பு ஆலைக்குத் தள்ளினோம். அப்புறம் கெமிஸ்ட் ஒரு வேலை செய்தார், அதுதான் என்னைத் தூங்கவிடாதது. மினரல் ஆயில் கலப்பைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. சாராயத்தில் கரைத்த காரத்தோடு எண்ணெயைக் காய்ச்சினால் சமையல் எண்ணெய் முழுவதும் சோப்பாகிவிடும், பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. அதில் வெந்நீர் ஊற்றினால் சோப்பு தெளிவாகக் கரையும், கலப்பு இருந்தால் பால்போலக் கலங்கும். சுத்தமான எண்ணெயில் பெட்ரோலிய எண்ணெயைத் தானே அளந்து கலந்து சோதித்தார். நூறு லிட்டருக்கு ஒரு லிட்டர் கலந்தது கலங்கியது. பதினேழாயிரம் லிட்டருக்கு இரண்டு லிட்டர் என்ற விகிதத்தில் கலந்தது கடைசிவரை தெளிவாகவே நின்றது. குழாய் கொள்ளும் 27 லிட்டரும் கலந்திருந்தாலும் அது ஆயிரத்துக்கு ஒன்றரைதான், அந்தச் சோதனை பிடித்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பையன் டீ குடிக்க என்னோடு வந்திருந்தால் அந்த வாடை தொட்டியின் அறுபது டன்னில் கலந்து காணாமல் போயிருக்கும், எடை நோட்டில் 10 கிலோ குறைவு என்று அழகாக நின்றிருக்கும்.

லாரிக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. தெற்கே எண்ணெய் இறக்கிய வண்டி சென்னைக்குக் காலியாகத் திரும்பினால் முதலாளிக்கு நஷ்டம். கிடைத்ததை ஏற்றுவார்: மொலாசஸ், கழிவுக் கொழுப்பு, மசகு எண்ணெய். திரும்பி வந்து டேங்கைக் கழுவ அரைநாள் போகும், நீராவிக்குக் காசு. வாடகை பேசும்போது அந்தக் காசை நாங்கள் யாரும் சேர்த்துப் பேசியதில்லை. சீனாவில் 2024 ஜூலையில் ஒரு பெய்ஜிங் நாளிதழ் வெளியிட்ட செய்தியும் இதே கதைதான். நிலக்கரியிலிருந்து எடுத்த எரிபொருளை இறக்கிய டேங்கர்கள் கழுவாமலே சோயா எண்ணெய் ஏற்றிப் போயின.

அந்த ஹோஸ் விஷயம் நடந்ததிலிருந்து நாங்கள் கேட்க ஆரம்பித்தது கடைசி மூன்று டிரிப் சரக்குகளின் பெயர். கழுவுவதையும் சீட்டை வைத்து நம்பாமல் ஆளை அனுப்பிப் பார்த்தோம். பச்சைத் தண்ணீர் அடித்தால் எண்ணெய் போகாது. எழுபது, எண்பது டிகிரி வெந்நீரில் காரம் கலந்து, உள்ளே உள்ள தடுப்புத் தகடுகளின் பின்பக்கமும் படும்படி அடிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, காற்று விட்டு உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் எண்ணெய் புளிப்பேறிக் காறும். வால்வைக் கழற்ற வேண்டும், மேன்ஹோல் ரப்பர் வளையத்தை முகர்ந்து பார்க்க வேண்டும், வாடை போகாவிட்டால் மாற்றிவிட வேண்டும். வேலையாளை உள்ளே இறக்குவது மட்டும் கூடாது. கெட்டுப்போன எச்சம் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், இறங்கியவன் கத்தக்கூட முடியாது.

மேலிருந்து மாதிரி எடுப்பதையும் விட்டோம். முதல் வாளி அடி வால்விலிருந்து, அந்த வண்டியின் ஹோஸ் வழியே வரவேண்டும். எண்ணெயைத் திருடித் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அந்த வாளியில்தான் தெரியும், தண்ணீர் அடியில் நிற்கும். அப்படிச் செய்தவன் வண்டிக்கு எடை குறைவே வராது என்பதை இப்போது சொல்லத் தேவையில்லை.

டயர் வெடித்த டிரைவர் அதற்குப் பிறகும் நாலைந்து வருடம் லோடு கொண்டுவந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும், எடைச் சீட்டை நீட்டுவதற்கு முன்னால், "தெர்மாமீட்டர் எடுத்துட்டு வாங்க சார்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.